மாத்திரையை மட்டும் ஏன் வாங்கச் சொன்னீர்கள்?

*எனக்கு 61 வயது. மாதவிடாய் நின்று 11 வருஷம் ஆகிறது. இரண்டு வருஷமாக ஒன்னுக்கு வந்தால் அடக்க முடியவில்லை, பாத்ரூம் கதவைத் திறப்பதற்குள் கசிந்துவிடுகிறது. போன ஒரு வருஷத்தில் நாலு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன். ஒவ்வொரு தடவையும் மகன் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கி வருவான், எரிச்சல் குறையும், இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வரும். முதல் தடவை பார்த்த லேடி டாக்டர் மாத்திரையோடு உள்ளே வைக்கிற க்ரீம் ஒன்றும் எழுதியிருந்தார். மகனிடம் மாத்திரையை மட்டும் வாங்கிவரச் சொன்னேன். தண்ணீர் நிறையக் குடிக்கிறேன், வாழைத்தண்டு ஜூஸும் குடிக்கிறேன். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா?*
*வாசகி, ஈரோடு*

கர்ப்பப்பையை விடுங்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எடுத்தாலும் அடுத்த மாதம் இதே எரிச்சலோடு உட்கார்ந்திருப்பீர்கள். வாழைத்தண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: டாக்டர் இரண்டு மருந்து எழுதினார், நீங்கள் ஒன்றை மட்டும் வாங்கச் சொன்னீர்கள். ஏன் என்று நீங்கள் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. "உள்ளே வைக்கிற க்ரீம்" என்று மகனிடம் எப்படிச் சொல்வது, இந்த வயதில் அம்மாவுக்கு இது எதற்கு என்று அவன் நினைத்துவிட்டால், மெடிக்கலில் இருக்கிற பையன் தெரிந்தவனாச்சே, இதுதானே? என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான், சீட்டில் அந்த ஒரு வரியை மட்டும் மடித்து மறைத்துவிட்டு வைத்தியம் பலிக்கவில்லை என்று வந்து நிற்பார்கள்.

மாத்திரை அன்றைக்கு இருந்த கிருமியைக் கொல்வதற்கு. மறுபடி வராமல் தடுக்க எழுதியது அந்த க்ரீம். வாங்காமல் விட்டது அதைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன், புரிந்தால்தான் வைப்பீர்கள். பெண்ணுறுப்பின் உள்தோல், சிறுநீர் வெளியே வரும் குழாய், சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி, இந்த மூன்றுமே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தால்தான் தெம்பாக இருக்கும். மாதவிடாய் ஓடிய காலத்தில் அந்த உள்தோல் தடிப்பாக இருந்தது, அதில் ஒரு வகை மாவுச்சத்து சேர்ந்திருந்தது, அதைத் தின்று லாக்டோபாசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா அங்கேயே குடியிருந்து அமிலத்தைச் சுரந்துகொண்டிருந்தது. அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் தங்க முடியாது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் வற்றியதும் தோல் மெலிகிறது, மாவுச்சத்து குறைகிறது, நல்ல பாக்டீரியா போய்விடுகிறது, அமிலமும் போகிறது. அப்புறம் மலத்தில் எப்போதும் இருக்கிற ஈகோலை கிருமி மெதுவாக முன்னால் வந்து அங்கே குடியேறுகிறது. அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு வழி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். நீங்கள் எத்தனை மாத்திரை சாப்பிட்டாலும் அந்த இடம் மாறாத வரை அடுத்த கூட்டம் வந்துகொண்டேதான் இருக்கும். உடம்பு கொதிப்பும் வியர்வையும் பலருக்குச் சில வருஷத்தில் தானாக அடங்கிவிடும், இது அப்படி அடங்காது, விட்டால் வருஷத்துக்கு வருஷம் கூடும். தயிர் சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா வராதா என்று கேட்பீர்கள். சாப்பிடுங்கள், ஆனால் அது இந்த க்ரீம் செய்கிற வேலையைச் செய்யாது. உள்ளே தடவ மட்டும் செய்யாதீர்கள், அதையும் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது நேற்று வந்த யோசனையும் இல்லை. 1993-லேயே இஸ்ரேலில், மாதவிடாய் நின்ற, அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷன் வருகிற 93 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை க்ரீமும் இன்னொரு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் க்ரீமும் கொடுத்துப் பார்த்தார்கள். வெறும் க்ரீம் வைத்தவர்களுக்கு ஆண்டுக்கு சராசரியாக ஆறு தடவை வந்தது, ஈஸ்ட்ரியால் வைத்தவர்களுக்கு அரைத் தடவை, அதாவது இரண்டு வருஷத்துக்கு ஒன்று. இதே ஹார்மோனை மாத்திரையாக விழுங்கினால் இந்தப் பலன் கிடைப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "க்ரீம் வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள் டாக்டர்" என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும்.

வைக்கிற விதம். ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஈஸ்ட்ரியால் இருக்கிற க்ரீம்தான் உங்களுக்கு எழுதியது என்றால் வழக்கமான அளவு ஒரு தடவைக்கு அரை கிராம். கூடவே வருகிற குழலில் கோடு போட்டிருக்கும், அதுவரை நிரப்பினால் போதும். முதல் இரண்டு வாரம் தினமும் ராத்திரி படுக்கப் போகும்போது, மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், திங்கள் வியாழன் என்று கிழமையை முடிவு செய்துவிட்டால் மறக்காது. 15 கிராம் ட்யூப் இந்தக் கணக்கில் முதல் தடவை பத்து வாரம் வரும். குழல் வலித்தால் விரல் நுனியில் எடுத்து வையுங்கள், கொஞ்சம் சிறுநீர் வரும் துவாரத்தைச் சுற்றியும் தடவுங்கள். மெலிந்த தோல் என்பதால் முதல் சில நாள் எரியலாம். அந்த எரிச்சலைப் பார்த்து "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்துகிறவர்கள் ஏராளம், நீங்கள் நிறுத்தாதீர்கள். இன்ஃபெக்‌ஷன் குறைகிறதா என்று தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். குறைந்ததும் நிறுத்தினால் பழைய கதைதான், வாரம் இரண்டு நாள் என்பதைத் தொடர வேண்டும். வேறு ஹார்மோன் க்ரீம்களுக்கு அளவு வேறு, சீட்டில் இருப்பதைப் பாருங்கள்.

டப்பாவுக்குள் இருக்கிற காகிதத்தை மருமகளோ பேரனோ படித்துவிட்டு "கேன்சர்னு போட்டிருக்கு" என்று பயமுறுத்துவார்கள். அந்த எச்சரிக்கையின் வேர், விழுங்குகிற ஹார்மோன் மாத்திரைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2002-ல் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு. அதையே உள்ளே வைக்கிற சின்ன அளவு க்ரீமுக்கும் அச்சடித்து வைத்தார்கள். வாரம் இரண்டு தடவை அரை கிராம் வைத்தால் ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு, கர்ப்பப்பை இருந்தாலும் அதைக் காக்க இன்னொரு ஹார்மோன் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு பேர் டாக்டரிடம் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது: மார்பகப் புற்றுநோய் வந்தவர், காரணம் தெரியாமல் ரத்தம் படுகிறவர். மாதவிடாய் நின்று 11 வருஷம் கழித்து உள்ளாடையில் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், க்ரீம் வைத்தாலும் வைக்காவிட்டாலும், அந்த வாரமே காட்ட வேண்டும்.

இப்போது மகன் விஷயம். பீயும் மூத்திரமும் அள்ளி வளர்த்த பிள்ளையிடம் ஒரு ட்யூபின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு வருஷம் எரிச்சலைத் தாங்கியிருக்கிறீர்கள். இதைப் பொறுமை என்று நான் சொல்லமாட்டேன். அம்மாவுக்கு மருந்து வாங்குவது பிள்ளையின் கடமை, அதில் எந்த உறுப்புக்கு என்ற பாகுபாடு கிடையாது. அவனுக்கும் ஒன்று சொல்கிறேன்: திரும்பத் திரும்ப மெடிக்கலில் வாய்ச்சொல்லாகச் சொல்லி ஆன்டிபயாடிக் வாங்கி வந்தவன், ஒரு தடவையாவது "வாம்மா, டாக்டரிடம் போகலாம்" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. நீங்கள் மறைத்தீர்கள், அவன் கேட்கவில்லை, இப்படி ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொள்கிற குடும்பங்களில்தான் பெண்களின் வியாதி முற்றுகிறது. மருமகள் இருந்தால் அவளிடமும் சொல்லுங்கள், அவளுக்கும் ஒரு நாள் மாதவிடாய் நிற்கும்.

அந்த நாலு தடவையில் எத்தனை தடவை யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று லேபில் பார்க்கிற டெஸ்ட், எடுத்தீர்கள்? ஒன்றுகூட எடுத்திருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். கல்ச்சர் இல்லாமல் அது இன்ஃபெக்‌ஷன்தானா என்றே தெரியாது, ஏனென்றால் தோல் மெலிந்தாலே எரிச்சலும் அவசரமும் வரும், கிருமி வேண்டியதில்லை. அதற்குப் போய் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பலன் இல்லை, உடம்பில் இருக்கிற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிப்போவதுதான் மிச்சம். அடுத்த தடவை ஒன்றிரண்டு நாளில் திடீரென்று எரிச்சல் கூடி, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போக வேண்டியிருந்தால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்னால், கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்து லேபில் கொடுங்கள். குளிர்காய்ச்சலோ, முதுகில் விலாவுக்குக் கீழே வலியோ வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எடுத்த டெஸ்டில் கிருமி தெரிந்தால் அதற்கு மாத்திரை வேண்டாம்.

கதவைத் திறப்பதற்குள் கசிவதற்கும் க்ரீம் ஓரளவு உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வருவோம்" என்று அரைமணிக்கு ஒரு தடவை போகிற பழக்கம் உங்களுக்கு இருக்கும், அது சிறுநீர்ப்பையைக் கொஞ்சம் நிரம்பினாலே கத்தப் பழக்கிவிடும். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, சிறுநீரை நிறுத்துவது போல அடித்தசையை ஐந்தாறு தடவை சுருக்கி விடுங்கள், அவசரம் கொஞ்சம் தணிந்ததும் நடந்து போங்கள். இரண்டு தடவைக்கு நடுவில் இருக்கிற நேரத்தை வாரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் கூட்டிக்கொண்டே வாருங்கள். டீ, காபியைக் குறையுங்கள். தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கவும் வேண்டாம், பயந்து நிறுத்தவும் வேண்டாம்.

அந்த லேடி டாக்டரிடமே போய், வாங்கவில்லை என்ற உண்மையைச் சொல்லி, சீட்டைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அப்போதே சர்க்கரை பாருங்கள், அடி இறக்கம், அதாவது கர்ப்பப்பையோ சிறுநீர்ப்பையோ கீழே இறங்கியிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள், ஒன்னுக்குப் போன பிறகு பையில் எவ்வளவு தங்குகிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். தங்கினால் கிருமி வளரும், அதற்கு வைத்தியம் வேறு. மூன்று மாதம் ஒழுங்காக க்ரீம் வைத்தும் கல்ச்சரில் கிருமி வளர்ந்து திரும்பத் திரும்ப வந்தால், அல்லது கிருமி இல்லாதபோதும் சிறுநீரில் ரத்தம் வந்தால், யூராலஜிஸ்ட் பார்க்க வேண்டும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கும்படி ஆகலாம்.