வட்டிச் சான்றிதழ் கேட்டு வங்கிக்கு எழுதும் கடிதம்

"திருகோணமலை கிளையில் எனக்கும் மனைவிக்கும் கூட்டு எஃப்டி இருக்கு. வரி ரிட்டர்னுக்கு வட்டிச் சான்றிதழ் கேட்டால் பாஸ்புக்கைப் பாருங்கோ என்கிறார்கள். கடிதத்தில் என்ன எழுத?"

பாஸ்புக் போதாது அண்ணன். 10 லட்சம் ரூபாய்க்கு 8 வீதமெண்டால் வருட வட்டி 80,000. வங்கி 10 வீதம், அதாவது 8,000 ரூபாய் வரி பிடித்துவிட்டு 72,000 வரவு வைக்கும். பாஸ்புக்கைப் பார்த்து 72,000 எண்டு போட்டால் வருமானம் குறைவாகக் காட்டினதாகிவிடும். சான்றிதழ் இல்லாமல் அந்த 8,000ஐ வரியில் கழிக்கிறதும் கஷ்டம்.

கிளை முகாமையாளருக்கு இப்படி எழுதுங்கோ:

"எனது இன்ன இலக்க நிலையான வைப்புக்கு 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான மொத்த வட்டியையும் பிடித்த வரியையும் தனித்தனியே காட்டும் சான்றிதழ்களைத் தரவும். இது கூட்டுக் கணக்கு. இருவரின் பங்கையும் அவரவர் பெயரிலும் டின் இலக்கத்திலும் பிரித்துத் தரவும்."

திகதிகளைக் கட்டாயம் எழுதுங்கோ. நான் ஒருமுறை "கடந்த வருடம்" எண்டு மட்டும் எழுதி, ஜனவரி முதல் டிசம்பர் வரையான கணக்குத்தான் கைக்கு வந்தது. இடையில் முதிர்ந்து புதுப்பித்த எஃப்டி இருந்தால் பழைய இலக்கத்தையும் சேருங்கோ. அதுதான் அடிக்கடி விடுபடும்.

இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கட பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கோ. ரிட்டர்னுக்குக் கடைசி நாள் நவம்பர் 30.