வட்டம் வட்டமாகக் காயும் சம்பா: சாட்பாட் தயங்கியது சரிதான்

"வணக்கம் ஐயா. மன்னார்குடி பக்கம் ஆறு மா சம்பா போட்டிருக்கேன். நட்டு ஐம்பது நாள். அங்கங்க வட்டமா மஞ்சளாகிக் காயுது. போன்ல பேசினா பதில் சொல்ற சாட்பாட்ல கேட்டேன். புகையானா இருக்கலாம், இலைக்கருகலா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியல, வேளாண்மை அலுவலருக்கு அனுப்புறேன்னு சொல்லிடுச்சு. மருந்துக் கடைக்காரர் நேர்ல பார்க்காமலே மூணு பாட்டில் கொடுத்து கலந்து அடிக்கச் சொல்றார். ஒண்ணும் தெரியாத மெஷினை நம்பி உட்கார்ந்திருக்கலாமா, இல்ல மருந்தை அடிச்சிடவா?"

முதலில் அந்த மூன்று பாட்டிலையும் திறக்காதீர்கள். இப்போதே வயலில் இறங்குங்கள். காய்ந்த வட்டத்தின் நடுவில் பார்த்துப் பயனில்லை, அங்கே எல்லாம் முடிந்துபோயிருக்கும். வட்டத்தின் ஓரத்தில், பச்சை இன்னும் மிச்சமிருக்கும் குத்தைப் பிடித்துச் சாய்த்து, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரைப் பாருங்கள். குத்தை இரண்டு தட்டுத் தட்டினால் பழுப்பு நிறத்தில் எள்ளளவு பூச்சிகள் தண்ணீரில் விழுந்து, பக்கவாட்டில் நகர்ந்து ஓடும். அவை இருந்தால் புகையான்.

பூச்சியே இல்லை, இலையின் நுனியிலிருந்து ஓரம் நெளிநெளியாகக் காய்ந்து வருகிறது என்றால் பாக்டீரியா இலைக்கருகலைச் சந்தேகிக்க வேண்டும். நோய் பரவிக்கொண்டிருக்கும் இலைத்துண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நிறுத்துங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் கலங்கி இறங்கினால் அதுதான். இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்று பூச்சி, மற்றது பாக்டீரியா.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தூரைப் பார்க்காத யாரும் இதற்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மெஷினுக்கும் அதுதான், கடைக்காரருக்கும் அதுதான், எனக்கும் அதுதான். பல வருடங்களுக்கு முன் ஒருவர் போனில் "பயிர் மஞ்சளாகுது" என்றார். தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போடச் சொன்னேன். பத்து நாள் கழித்து நேரில் போய்ப் பார்த்தால் தூர் முழுக்கப் புகையான். யூரியா போட்டுப் பயிர் இளசாகத் தழைத்தால் புகையானுக்குக் கொண்டாட்டம். அன்றைக்கு "தெரியவில்லை, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் பாதி விளைச்சலாவது எடுத்திருப்பார். உங்கள் சாட்பாட் சொன்னது அன்று நான் சொல்லத் தவறிய வார்த்தை. அதை அறியாமை என்று தள்ளாதீர்கள்.

ஆனால் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. நான் பேசியதில் அதற்கு எது போய்ச் சேர்ந்தது? இந்த மாதிரி சேவைகள் உங்கள் குரலை முதலில் எழுத்தாக்குகின்றன. அந்த எழுத்தை வைத்து வேளாண்மைக் குறிப்புகளில் தேடுகின்றன. கிடைத்ததைத் தொகுத்து மறுபடி குரலாக்கிச் சொல்கின்றன. முதல் படியிலேயே பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும். மோட்டார் ஓடும் சத்தத்தில் "புகையான்" என்று சொன்னால் "புகையிலை" என்று எழுதிக்கொள்ள இடமுண்டு. குரலில் மட்டும் பேசும்போது அது என்ன எழுதிக்கொண்டது என்று உங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பெரிய கவலை உங்கள் "ஆறு மா"தான். நம் டெல்டாவில் மூன்று மா ஓர் ஏக்கர், ஆகவே உங்களுடையது இரண்டு ஏக்கர். வெளியூர்க்காரருக்கே மா என்றால் மாமரமா, அரிசி மாவா என்று குழப்பம் வரும். மெஷின் அதை ஏக்கர் என்று எடுத்துக்கொண்டு அளவு சொன்னால் என்ன ஆகும்? புகையானுக்கு அடிக்கும் பைமெட்ரோசின் 50 சதக் குருணை ஏக்கருக்கு 120 கிராம். உங்கள் நிலத்துக்கு 240 கிராம் போதும். ஆறு ஏக்கர் என்று கணக்குப் போட்டால் 720 கிராம். மூன்று மடங்கு மருந்து, மூன்று மடங்கு காசு! அதனால் நிலத்தை ஏக்கரிலோ சென்ட்டிலோ சொல்லுங்கள். நட்டு எத்தனை நாள், வட்டமா பரவலா, காய்வது நுனியிலிருந்தா தூரிலிருந்தா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, "நான் சொன்னதைத் திருப்பிச் சொல்" என்று கேளுங்கள். தப்பாகத் திருப்பிச் சொன்னால் அதன் பதிலைக் கேட்கவே வேண்டாம். தயங்காமல் மளமளவென்று மருந்தும் அளவும் சொல்லும் நாளில்தான் இன்னும் கவனம் வேண்டும். மெஷின் தப்பையும் அதே தெளிவான குரலில்தான் சொல்லும். எந்த அளவையும் டப்பாவின் லேபிளோடு ஒத்துப் பார்க்காமல் டேங்கில் ஊற்றாதீர்கள்.

அந்த மூன்று பாட்டிலுக்கு வருகிறேன். பெயர் எழுதவில்லை, ஆனால் இந்தப் பருவத்தில் கடைகளில் கொடுக்கும் கூட்டு எனக்குத் தெரியும். பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து ஒன்று, பூஞ்சாண மருந்து ஒன்று, டானிக் ஒன்று. எதுவாக இருந்தாலும் ஒன்று கேட்கட்டுமே என்ற கணக்கு. இதில் பைரித்ராய்டுதான் வயலைக் கெடுப்பது. புகையானைத் தின்னும் சிலந்தியையும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் அது கொன்றுவிடும். புகையான் முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும் குஞ்சைத் தின்ன ஆளில்லை. அடித்த இரண்டு, மூன்று வாரத்தில் முன்னைவிட அதிகமாக வரும், நீங்களும் அதே கடைக்கு மறுபடி போவீர்கள். பயிரைப் பார்க்காமல் கலவை கொடுப்பவர் மருந்து விற்கிறார், ஆலோசனை சொல்லவில்லை.

அலுவலர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். குறுக்காக நடந்து பத்துக் குத்துகளில் பூச்சியையும் தூர்களையும் எண்ணி எழுதுங்கள். சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் வந்தாலே மருந்தடிக்கும் கட்டம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். குத்தில் பதினைந்து தூர், இருபத்தைந்து பூச்சி, சிலந்தியே காணோம் என்றால் கட்டம் தாண்டிவிட்டது. அப்புறம் தண்ணீரை வடித்துவிடுங்கள், யூரியா மேலுரத்தை நிறுத்துங்கள். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டிருக்கிறீர்களா என்று தெரியவில்லை. விடவில்லை என்றால் பயிரைக் கையால் இருபக்கமும் விலக்கிவிட்டுக் காற்றும் வெயிலும் தூருக்கு இறங்க வழி செய்யுங்கள். மருந்து அடிக்கச் சொன்னாலும் இலைமேல் தூவிவிட்டு வராமல் தூரில் படும்படி அடிக்க வேண்டும்.

அலுவலருக்கு அனுப்பியாயிற்று என்று மெஷின் சொன்னதோடு காத்திருப்பதும் தப்பு. ஓர் உதவி வேளாண்மை அலுவலருக்குப் பல கிராமங்கள். புகையான் வட்டம் அதற்குள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். நாளை மதியத்துக்குள் யாரும் கூப்பிடவில்லை என்றால், ஓரத்துக் குத்து ஒன்றை வேரோடு பிடுங்கி, பூச்சியோடு பாலிதீன் பையில் கட்டி, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள். போனில் ஆளிடம் பேச வேண்டுமென்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை தமிழிலேயே பேசலாம். அங்கேயும் "மஞ்சளாகுது" என்று மட்டும் சொல்லாமல், எழுதி வைத்த எண்ணிக்கையையும் இரண்டு ஏக்கர் என்பதையும் முதலில் சொல்லுங்கள்.