நீண்ட வெபினாரைத் துணுக்குகளாக வெட்டும்போது எங்கே தொடங்குவது?

"ஒன்றரை மணி நேர வெபினாரிலிருந்து வெட்டும் துணுக்குகளை யாரும் முழுசாகப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் ஹூக் வேண்டும் என்கிறார்கள், ஹூக் என்றால் என்ன?"

பார்ப்பவரை நிறுத்தி வைக்கும் முதல் வாக்கியம்தான் ஹூக். பேச்சாளர் காரணத்தை விளக்கிவிட்டு முடிவைக் கடைசியில் சொல்வார். ஃபோனில் தள்ளிக்கொண்டே போகிறவர் அதுவரை காத்திருக்க மாட்டார். மீன் ஏலத்தில் பெரிய மீனை மேலே வைப்பது போலத்தான் இதுவும்.

மண்டபம் கடற்பாசி வளர்ப்பு வெபினார் ஒன்று என்று வையுங்கள். 42:10-இல் வெப்பம், உப்புத்தன்மை பற்றிய விளக்கம் தொடங்குகிறது. 43:05-இல், "கிளை வெளுத்தா அந்தக் கயிற்றை உடனே கரைக்கு எடுத்துருங்க" என்கிறார் பேச்சாளர். அந்த நான்கு விநாடியை நகலெடுத்து முன்னால் ஒட்டி, பிறகு 42:10-இலிருந்து ஓடவிடுங்கள். "அதனால", "இது" என்று தொடங்கும் வாக்கியம் ஹூக்காக வேண்டாம். எது என்று புதியவருக்குப் புரியாது.

ஹூக் என்றால் பரபரப்பான தலைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது பேச்சாளர் சொன்ன வாக்கியமேதான், அதற்கான விளக்கமும் அதே துணுக்குக்குள் இருக்க வேண்டும்.