ஜுகாட்: தந்திரமா, வண்டியா?

"'ஜுகாட் மேம் பைட்கர் மண்டி கயே' என்ற இந்தி வரியில் ஜுகாடைத் 'தந்திரம்' என்று போட்டேன், பொருந்தவில்லையே?"

அது இங்கே வண்டி; 'ஜுகாட் வண்டியில் உட்கார்ந்து மண்டிக்குப் போனார்கள்' என்பதே வரியின் பொருள். வட இந்தியக் கிராமங்களில் டீசல் பம்ப்செட் இன்ஜினைச் சட்டத்தில் பூட்டி, பழைய ஜீப் பாகங்களைச் சேர்த்து ஓட்டுவார்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அதையும் மோட்டார் வாகனம் என்றே சொன்னது.

அகராதியில் முதலில் வரும் பொருளை எடுத்திருப்பீர்கள். வினையைப் பாருங்கள். 'பைட்னா' (உட்கார்) வந்தால் வண்டி. செய்வதைக் குறிக்கும் 'கர்னா', போடுவதைக் குறிக்கும் 'லகானா' வந்தால் கையில் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவது. அறுந்த ஃபேன் பெல்ட்டுக்குப் பதில் கயிறு கட்டி வீடு சேர்வதுபோல. எனக்கு 'ஒப்பேற்றுதல்' மிகவும் பிடித்த சொல், தற்காலிகம் என்பதும் அதிலேயே இருக்கிறது.

ஆனால் 'நௌக்ரி கா ஜுகாட்' என்றால் செல்வாக்குள்ள ஆளைப் பிடித்து வேலையில் சேர்வது. அங்கே 'ஒப்பேற்றுதல்' போடாதீர்கள்.