பே ஸ்லிப்பில் பிடித்த பிஎஃப், பாஸ்புக்கில் இல்லை

கேள்வி: "திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பேசிக் 14,000 ரூபாய். 2024 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை எட்டு மாதமும் பே ஸ்லிப்பில் பிஎஃப் 1,680 பிடித்திருக்கிறார்கள். பாஸ்புக் மார்ச் சம்பளத்தோடு நிற்கிறது. கேட்டால் 'சர்வர் பிரச்சினை, அடுத்த மாசம் ஏறிடும்' என்கிறார்கள். வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கலாமா? பணம் கிடைக்குமா?"

பதில்:

சர்வர் கோளாறு எட்டு மாதம் நீடிக்காது. ஒரு மாதச் சம்பளத்துக்கான பிஎஃப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஏப்ரல் சம்பளத்துக்கு மே 15 கடைசி நாள். கட்டிய பிறகு பாஸ்புக்கில் தெரியச் சில நாள் ஆவது சகஜம், அவ்வளவுதான். பாஸ்புக்கில் சம்பள மாதம் ஒரு பக்கம் இருக்கும், "Due-Month" என்று அதற்கு அடுத்த மாதமும் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு மாதம் விட்டுப்போனதாக நினைப்பவர்கள் உண்டு. உங்களுக்கு எட்டு மாதம் என்பதால் அந்தச் சந்தேகம் இல்லை.

இதில் உங்களுக்கு வரவேண்டியது 1,680 மட்டும் இல்லை. பேசிக்கில் 12% நீங்கள் போடுவது. முதலாளியும் தன் பங்காக இன்னொரு 1,680 போட வேண்டும். அதில் 1,166 ரூபாய் பென்ஷன் திட்டத்துக்குப் போகும், மீதி 514 உங்கள் பிஎஃப் கணக்கில் சேரும். ஆக மாதம் 3,360, எட்டு மாதத்துக்கு 26,880 ரூபாய். இதில் சரிபாதி, அதாவது 13,440, உங்கள் சம்பளத்திலிருந்து ஏற்கெனவே எடுத்துவிட்ட பணம். சட்டம் இந்தப் பாதியைத்தான் கடுமையாகப் பார்க்கிறது. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமாகவே கருதப்படும்.

புகார் எழுதும் முன் பத்து நிமிடம் செலவழித்து ஒன்றைப் பாருங்கள். epfindia.gov.in தளத்தில் "Establishment Search" என்று ஒரு வசதி இருக்கிறது. லாகின் தேவையில்லை. கம்பெனி பெயரையோ கோடு எண்ணையோ போட்டால், எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டினார்கள் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு வரியிலும் TRRN என்று ஓர் எண் இருக்கும். அதைத் தொட்டால் அந்த மாதம் யார் யாருக்குப் பணம் கட்டப்பட்டது என்ற பெயர்ப் பட்டியலே திறக்கும்.

மார்ச்சுக்குப் பிறகு ஒரு வரியும் இல்லையென்றால் கம்பெனி யாருக்குமே கட்டவில்லை. பணத் தட்டுப்பாட்டில் முதலில் கை வைக்கும் இடம் பல கம்பெனிகளுக்கு இதுதான். வரிகள் இருந்து, உங்கள் பெயர் மட்டும் பட்டியலில் இல்லையென்றால் உங்களை விட்டுவிட்டார்கள். பெயரும் இருக்கிறது, பாஸ்புக்கில் மட்டும் இல்லை என்றால் பணம் உங்கள் பெயரில் உள்ள வேறொரு யுஏஎன்-இல், அதாவது வேறொரு பிஎஃப் உறுப்பினர் எண்ணில், ஏறியிருக்கலாம். பழைய கம்பெனி யுஏஎன் இருக்கும்போது புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. அப்படியென்றால் சண்டையே வேண்டாம், இரண்டையும் இணைத்தால் போதும். பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கட்டவில்லை என்று உறுதியானால், முதலில் ஹெச்ஆருக்கு ஒரு மெயில். வாய்மொழியாக வேண்டாம். எட்டு மாதங்களைக் குறிப்பிட்டு, எந்தத் தேதிக்குள் கட்டுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அக்கவுன்ட்ஸில் தெரிந்தவர் இருந்தால் இன்னொன்றையும் காதில் போட்டுவைக்கலாம். இந்த மாதங்களுக்குத் தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால், அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. 2022-ல் உச்ச நீதிமன்றமே இதை உறுதி செய்துவிட்டது. மெயிலுக்கு மசியாத முதலாளியும் ஆடிட்டர் இதைச் சொன்னால் காது கொடுப்பார்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் epfigms.gov.in-இல் புகார் பதியுங்கள். யுஏஎன் கொடுத்தால் மொபைலுக்கு ஓடிபி வரும், அப்புறம் புகாரை எழுதி ஆவணம் இணைக்கலாம். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "என் பிஎஃப் பணம் வரவில்லை, நடவடிக்கை எடுக்கவும்" என்று ஒரு வரி எழுதினால், "கட்டும்படி நிறுவனத்துக்கு அறிவுறுத்தப்பட்டது" என்று ஒரு வரி பதில் வந்து புகார் மூடப்பட்டுவிடும். நான் பார்த்த புகார்களில் பாதி இப்படித்தான் செத்துப்போயின. நீங்கள் மாதவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள்: சம்பள மாதம், பேசிக், பிடித்த தொகை, பாஸ்புக்கில் ஏறியது பூஜ்யம். எட்டு பே ஸ்லிப், சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்ட், ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் சேருங்கள். கடைசி வரியாக, "1952-ம் ஆண்டு பிஎஃப் சட்டத்தின் 7ஏ பிரிவின் கீழ் விசாரித்து நிலுவையை நிர்ணயிக்கக் கோருகிறேன்" என்று எழுதுங்கள். பே ஸ்லிப்பே தராத கம்பெனி என்றால் இஎஸ்ஐ பதிவு கைகொடுக்கும். நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கும் சம்பளத்துக்கும் அது ஓர் அரசு ஆவணம்.

7ஏ விசாரணை என்பது வெறும் கடிதப் போக்குவரத்து இல்லை. அங்கே பிஎஃப் கமிஷனருக்குச் சிவில் நீதிமன்ற அதிகாரம் உண்டு. சம்பளப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லலாம், தொகையை நிர்ணயித்து உத்தரவு போடலாம். அதன் பிறகும் கட்டாவிட்டால் கம்பெனியின் பேங்க் கணக்கை முடக்கி எடுக்கலாம், சொத்தை ஜப்தி செய்யலாம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 12% வட்டியும், அதற்கு மேல் அபராதத் தொகையும் முதலாளி தலையில் விழும். அபராதம் உங்கள் கணக்குக்கு வராது, ஆனால் முதலாளி அவசரப்படுவதற்கு அது ஒரு காரணம். விசாரணை சில மாதங்கள் இழுக்கும், ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. கம்பெனியே மூடிவிட்டால் வசூல் இன்னும் கடினம். 1952 சட்டத்தில் 7ஏ-வுக்குக் காலவரம்பு கிடையாது, ஆனால் 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஐந்து ஆண்டு என்று வரம்பு வைக்கிறது. அதனால் வேலையை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

புகார் மூடப்பட்டால் திரும்பப் பதியலாம். அதோடு, என் புகார் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்டங்களில் பிஎஃப் குறைதீர் முகாம் நடக்கிறது. அங்கே அதிகாரியிடம் நேரில் அட்டவணையை நீட்டுவது பல நேரங்களில் ஆன்லைனைவிட வேகம்.

வேலையில் இருந்துகொண்டே புகார் கொடுக்கத் தடையில்லை. ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், உங்கள் பெயரில் போகும் புகார் கம்பெனிக்குத் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம். யாருக்குமே கட்டவில்லை என்று Establishment Search காட்டினால் நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதுங்கள், அல்லது தொழிற்சங்கம் மூலம் கொடுங்கள். ஒரு பெயரைக் குறிவைக்க முடியாது.

கம்பெனி இறங்கி வரும்போது இரண்டு பேச்சு எடுப்பார்கள். "நிலுவையைக் கட்டுகிறோம், முதலாளி பங்கைச் சம்பளத்தில் கழிக்கிறோம்" என்பது ஒன்று. அதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. "பிடித்த 13,440-ஐக் கையில் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள்" என்பது இன்னொன்று. அதை வாங்கினால் முதலாளி பங்கும், அந்த எட்டு மாத பென்ஷன் பங்கும் போய்விடும். பணம் கட்டியாயிற்று என்று சலான் நகல் காட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தச் சலானின் TRRN-ஐத் திறந்து உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், எட்டு வரியும் பாஸ்புக்கில் ஏறிய பிறகு வாபஸைப் பற்றிப் பேசலாம்.