தாத்தாவை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னிடம் 11 சிறுகதைகள் இருக்கின்றன. ஆஸ்பத்திரி வார்டில் தூக்கம் வராத ஒரு தாத்தா, பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு இரவெல்லாம் சொல்லும் கதைகளாக அவற்றைக் கோத்திருக்கிறேன். படித்த நண்பர், ‘தாத்தாவை எடுத்துவிட்டாலும் கதைகள் அப்படியேதான் நிற்கின்றன’ என்றார். அது குறையா? கதைக்குள் கதை என்பது தொகுப்பை எப்படித்தான் கட்டிப்பிடிக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

குறைதான், ஆனால் சரிசெய்யக்கூடியது. நம் எல்லோருக்கும் தெரிந்த வேதாளக் கதையையே எடுத்துக்கொள்வோம். 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் வரும் வடிவத்தைச் சொல்கிறேன். அங்கே அரசன் பெயர் திரிவிக்கிரமசேனன், மரமும் முருங்கை இல்லை, சிம்சபா மரம்.

ஒரு சந்நியாசி நாள்தோறும் அரசனுக்கு ஒரு பழம் கொண்டுவந்து தருகிறான், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ரத்தினம். அது தெரியவந்ததும் அரசன் என்ன வேண்டும் என்று கேட்க, சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தை இரவில் எடுத்துவரச் சொல்கிறான். பிணத்துக்குள் வேதாளம். வழிக்களைப்புத் தெரியாமல் இருக்க என்று சொல்லி அது கதையை ஆரம்பிக்கிறது, முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் அரசனின் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்தது, வேதாளம் மரத்துக்குப் போய்விடும், அவன் திரும்ப நடக்க வேண்டும். ஆக ஒவ்வொரு கதைக்கும் வெளிக்கதையில் ஒரு விலை இருக்கிறது. உங்கள் தாத்தாவிடம் இல்லாதது இதுதான். அவர் எந்தக் கதையைச் சொன்னாலும் அந்த வார்டில் ஒன்றும் மாறுவதில்லை.

அதைவிட நுட்பமான ஒன்றும் இருக்கிறது. இரண்டாவது கதையில் மந்தாரவதி என்ற பெண் இறந்துபோகிறாள், அவளை விரும்பிய மூன்று பேரில் ஒருவன் அவள் சாம்பலிலேயே படுத்துக் கிடக்கிறான், ஒருவன் எலும்பைக் கங்கைக்குக் கொண்டுபோகிறான், இன்னொருவன் ஊர் ஊராகச் சுற்றி, உயிர்ப்பிக்கும் மந்திரத்தோடு வந்து அவளை எழுப்புகிறான். அவள் யாருக்கு மனைவி? அரசன் தயங்கவே இல்லை. உயிர் கொடுத்தவன் தகப்பன், எலும்பைக் கரைத்தவன் மகன், சாம்பலோடு கிடந்தவனே கணவன் என்கிறான். உறவுமுறையை அவ்வளவு சுலபமாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறான்.

கடைசியாகக் கேள்வி வரும் கதையைப் பாருங்கள். ராஜ்யத்தை இழந்த ஒரு ராணியும் அவள் மகளும் காட்டு வழியே தப்பி ஓடுகிறார்கள். வேட்டைக்கு வந்த ஒரு தந்தையும் மகனும் மணலில் இரண்டு ஜோடிக் காலடிகளைப் பார்க்கிறார்கள், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பெரிய கால்காரி அப்பாவுக்கு, சின்னக் கால்காரி மகனுக்கு என்று அங்கேயே பேசி முடித்துவிடுகிறார்கள். நேரில் பார்த்தால் பெரிய கால் மகளுக்கு, சின்னக் கால் அம்மாவுக்கு! சொன்ன சொல் மாறாமல் அப்பா மகளையும், மகன் தாயையும் மணக்கிறார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? இரண்டாவது கதையில் தகப்பன், மகன், கணவன் என்று அடுக்கியவனுக்கு இங்கே வாய் திறக்க முடியவில்லை, பேசாமல் நடக்கிறான்.

அந்த மௌனம் வெளிக்கதையைத் திருப்பிவிடுகிறது. மனம் மகிழ்ந்த வேதாளம் எச்சரிக்கிறது: சந்நியாசி உன்னைப் பலி கொடுக்கப் போகிறான், விழுந்து வணங்கச் சொல்வான், ‘எப்படி என்று நீ முதலில் காட்டு’ என்று சொல், அவன் குனிந்ததும் வெட்டு. அரசன் அப்படியே செய்கிறான். அந்த ஓர் இரவின் நடையும் பேச்சும் அவன் உயிரைக் காப்பாற்றிய ஒரு வார்த்தையில் வந்து முடிகிறது.

அப்புறம், இந்த முழுக் கதையும் இன்னொன்றுக்குள் இருக்கிறது. பிரிந்த தோழர்களைத் தேடி அலையும் மிருகாங்கதத்தன் என்ற இளவரசனுக்கு, திரும்பிவந்த அமைச்சன் விக்கிரமகேசரி சொல்வது இது.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. நடுவில் வரும் கதைகள் பல இடம் மாறினாலும் வெளிக்கதை தாங்கும், வேதாளக் கதைகளின் வெவ்வேறு வடமொழி வடிவங்களில் வரிசை மாறித்தான் இருக்கிறது. அம்புலிமாமாவில் பழைய தொகுப்பின் 25 கதைகளைத் தாண்டி எத்தனையோ கதைகளை வேதாளத்தின் வாயில் வைக்க முடிந்ததற்கும் அதுதான் காரணம்; அரசன் பேசிக்கொண்டே இருந்தால் வேதாளம் மரமேறிக்கொண்டே இருக்கும். அங்கே கடைசி மௌனம் வர வேண்டியதில்லை. ஒரு புத்தகத்துக்கு அது வந்தாக வேண்டும்.

அதனால் 11 கதைகளிலும் கைவைக்காதீர்கள். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், பக்கத்துக் கட்டில்காரர் காதுகொடுத்துக் கேட்க முடியாத கதை எதுவென்று பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னால், அவர் ஏன் அங்கே படுத்திருக்கிறார், விடிந்தால் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. தாத்தாவுக்கு அது தெரிந்திருக்கிறதா?