காந்தத்தின் கீழே பேரிங் குண்டு மிதக்க: கேள்வி பதில்

எல்லாப் பதிலுக்கும் ஒரே அமைப்பை வைத்துக்கொள்கிறேன். 20 மி.மீ. பேரிங் குண்டு, எடை 33 கிராம். காயிலிலிருந்து 10 மி.மீ. கீழே, 1 ஆம்பியரில் நிற்கிறது. காயில் 6 ஓம், 60 மில்லிஹென்றி. சப்ளை 24 வோல்ட்.

எடைக்குச் சரியா இழுக்கிற கரண்ட்டை வெச்சுட்டேன். ஆனாலும் ஒண்ணு விழுது, இல்ல மேல ஒட்டிக்குது. ஏன்?

இழுவிசை, இடைவெளியின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்தில் மாறுகிறது. குண்டு 0.1 மி.மீ. மேலே போனால் இழுப்பு 2% கூடும், அது இன்னும் மேலே இழுக்கும். கீழே இறங்கினால் இழுப்பு குறைந்து அப்படியே விழும். விலகல் 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது. 0.1 மி.மீ. பிழை ஒரு செகண்டில் பத்தில் ஒரு பங்குக்குள் 6 மி.மீ. ஆகிவிடும். கரண்ட்டை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் நிற்காது. குண்டு நகர நகர அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

அப்போ கனமான குண்டு நிதானமா விலகும்தானே? 30 மி.மீ. வாங்கப் போறேன்.

விலகும் வேகத்தைக் குறைக்கலாம் என்பது சரி, ஆனால் எடையால் முடியாது. அந்த வேகம் √(2g/x). அதில் எடையே இல்லை, இடைவெளி மட்டும்தான். 20 மி.மீ. இடைவெளி வைத்தால் இரட்டிப்பு நேரம் 22 மில்லிசெகண்டாக நீளும். ஆனால் கரண்ட் 2 ஆம்பியர் வேண்டும், காயிலின் சூடு 6 வாட்டிலிருந்து 24 வாட்டாகும். 10 மி.மீ.யிலேயே ஆரம்பியுங்கள்.

சார், பிஐடி போட்டிருக்கேன். Kp ஏத்தினா டரரர்னு அதிர்ந்து விழுந்துடுது. I கூட்டணுமா?

வேண்டாம். I பகுதி பிழையைச் சேர்த்துவைத்துத் தாமதமாகத்தான் செயல்படும். இங்கே பஞ்சமே நேரத்துக்குத்தான். முதலில் விலகலுக்கு ஏற்பக் கரண்ட்டை மாற்றும் Kp, விலகும் வேகத்துக்கு ஏற்ப மாற்றும் Kd, இந்த இரண்டை மட்டும் வையுங்கள். Kp, மி.மீ.க்கு 0.1 ஆம்பியருக்கு மேல் இல்லாவிட்டால் குண்டு நிற்கவே நிற்காது. 0.2 வையுங்கள். Kd, வேகம் மி.மீ./செகண்டுக்கு 0.003 ஆம்பியர்.

இந்த அளவில் லூப் தாங்கும் மொத்தத் தாமதம் சுமார் 13 மில்லிசெகண்ட். அது எங்கே செலவாகிறது என்று பாருங்கள். காயிலுக்கு நேராக வோல்டேஜ் கொடுத்தால் கரண்ட் ஏறவே 10 மில்லிசெகண்ட். லூப்புக்குள் `Serial.print` இருந்து, வேகம் 9600 என்றால் எழுத்துக்கு ஒரு மில்லிசெகண்ட். பஃபர் நிறைந்ததும் ஆறு எழுத்துக்கு ஆறு மில்லிசெகண்ட் காத்திருக்கும். கூட்டினால் 16. அதிர்வு அங்கிருந்துதான் வருகிறது. பிரிண்ட்டை ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை ஆக்குங்கள், வேகத்தையும் கூட்டுங்கள்.

அடுத்தது கரண்ட்டை அளந்து சீராக்கும் உள் லூப். ஏற்றுவதற்கு 24 வோல்ட் இருக்கிறது, 0.2 ஆம்பியர் ஏற 0.7 மில்லிசெகண்ட் போதும். இறக்கும்போதுதான் சிக்கல். காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு இருந்தால் இறங்க 1.8 மில்லிசெகண்ட் ஆகும். ஸீனர் சேர்த்தால் வேகம் கிடைக்கும், ஆனால் பிடபிள்யூஎம்மில் 24 வோல்ட் ஸீனர் சுமார் 9 வாட் எரிக்கும். இரண்டு மாஸ்ஃபெட், இரண்டு டயோடு வைத்த அரைப் பாலம் அந்தச் சக்தியைச் சப்ளைக்கே திருப்பிவிடும், 0.4 மில்லிசெகண்டில் இறங்கும். இதற்குச் செலவு செய்வது தகும்.

சாம்பிளிங்கை 5 கிலோஹெர்ட்ஸ் ஆக்கினேன். குண்டு இன்னும் மோசமா இரைச்சல் போடுது!

வேகத்தை அடுத்தடுத்த இரு அளவுகளின் வித்தியாசத்திலிருந்து எடுக்கிறீர்கள். 10 பிட் ஏடிசி, 10 மி.மீ. வீச்சு என்றால் ஒரு படி 0.01 மி.மீ. அந்த ஒரு படி துள்ளினாலே 5 கிலோஹெர்ட்ஸில் 50 மி.மீ./செகண்ட் வேகமாகத் தெரியும். Kd அதை 0.15 ஆம்பியர் உதைப்பாக்கும். 2 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி வடிகட்டுங்கள்:

```
v += 0.3 * ((x - xp) * 2000 - v);
xp = x;
```

உதைப்பு 0.02 ஆம்பியருக்கு வந்துவிடும். தாமதம் ஒன்றரை மில்லிசெகண்ட்தான் கூடும்.

என்கிட்ட ஹால் சென்சார் வெச்ச மிதக்கும் காந்த பொம்மை இருக்கு. அந்த சர்க்யூட்லயே இரும்புக் குண்டு ஓட்டலாமாண்ணா?

ஓடாது தம்பி. அதில் சென்சார் பார்ப்பது மிதக்கும் காந்தத்தின் புலத்தை. குண்டுக்குச் சொந்தப் புலம் இல்லை, சென்சாருக்குக் காயிலின் புலம்தான் பெரிதாகத் தெரியும். இன்ஃப்ராரெட் எல்இடி, எதிரே போட்டோடயோடு. குண்டின் மேல்விளிம்பு பாதி வெளிச்சத்தை மறைக்கட்டும். அறையின் பழைய டியூப்லைட் 100 ஹெர்ட்ஸில் துடிக்கும், அதை வேகம் என்று லூப் நம்பிவிடும். எல்இடியை அணைத்து ஒருமுறை, ஏற்றி ஒருமுறை படித்துக் கழியுங்கள்.

மேல கீழ அசையாம நிக்குது. ஆனா பக்கவாட்டுல ஊசல் மாதிரி ஆடிட்டே இருக்கு. எந்த கெயின்?

எந்த கெயினும் இல்லை. ஒரே காயில், ஒரே சென்சார். பக்கவாட்டு அசைவை லூப் பார்ப்பதே இல்லை. காயில் மையத்துக்கு இழுப்பதால் குண்டு ஓடிப்போகாது, ஆனால் ஆட்டத்தை அடக்கக் காற்றைத் தவிர ஏதுமில்லை. குண்டுக்குக் கீழே தடித்த அலுமினியத் தகடு வைப்பவர்கள் உண்டு. குண்டுக்குள் காந்தப்புலம் பலமாக இருந்தால் உதவ வேண்டும், 10 மி.மீ. தள்ளி எவ்வளவு உதவும் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. யாராவது ஆட்டம் அடங்கும் நேரத்தைத் தகடு வைத்தும் வைக்காமலும் அளந்திருந்தால் எழுதுங்கள்.